8% ஒரு செல்லில், 12 அடுத்த செல்லில்: வீட்டில் செய்த மார்க் கால்குலேட்டர் எங்கே பிழைக்கிறது

ஹாஸ்டலில் ஒவ்வொரு வருஷமும் ஒரு ஷீட் கை மாறும். யாரோ ஒரு சீனியர் செய்தது, அதற்கும் முன்னால் இன்னொரு சீனியர் செய்தது. இன்டர்னல் மார்க்கைப் போட்டால் "செமஸ்டரில் இவ்வளவு எடு" என்று சொல்லும். எனக்கு வந்த ஷீட் ஒரு பாடத்துக்கு மொத்தம் 64 என்றது. கையால் போட்டுப் பார்த்தால் 69 பக்கத்தில் வந்தது. நாலரை மார்க் எங்கே போயிற்று என்று தேடியதில் ஒரு மாலை போயிற்று. அன்று கண்டதையும், அதற்குப் பிறகு நண்பர்களின் ஷீட்களில் திரும்பத் திரும்பக் கண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன். எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதில் செய்தாலும் பொருந்தும். SUM தெரிந்தால் போதும்.

எடுத்துக்காட்டாக அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் ஒரு தியரி பாடத்தை எடுத்துக்கொள்வோம். இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. அந்த இன்டர்னல் இரண்டு அசெஸ்மென்ட்களால் ஆனது. ஒவ்வொன்றிலும் அசைன்மென்ட் அல்லது செமினார் மாதிரியான வேலைக்கு 40, எழுத்துத் தேர்வுக்கு 60, ஆக 100. இரண்டையும் சேர்த்தால் 200. அந்த 200-ஐத்தான் 40-க்குக் குறைக்கிறார்கள். உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி என்றால் விகிதம் வேறாக இருக்கலாம். உங்கள் ரெகுலேஷனில் உள்ள எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது.

இந்தப் பாடத்தை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். 40-உம் 60-உம் இரண்டு இடத்தில் வருகின்றன, பாருங்கள். உள்ளே அசைன்மென்ட் 40, டெஸ்ட் 60. வெளியே இன்டர்னல் 40, செமஸ்டர் 60. எண்கள் ஒன்று, பொருள் வேறு. குழப்பம் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கிறது.

முதலில் தாளில் போடுங்கள்

ஷீட்டைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு பகுதியும் இறுதி நூறில் எத்தனை மார்க் பெறும் என்று கண்டுபிடியுங்கள். முதல் அசைன்மென்ட் 200-இல் 40. அந்த 200 கடைசியில் 40 ஆகிறது. அதாவது ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அப்படியானால் அசைன்மென்ட்டின் 40 சுருங்கி 8 ஆகும். டெஸ்ட்டின் 60 சுருங்கி 12 ஆகும். ஆக நமக்கு வேண்டிய வெயிட்டேஜ் இவை: 8, 12, 8, 12, 60. கூட்டிப் பாருங்கள், 100 வரும். வராவிட்டால் எங்கோ ஒரு அடுக்கை விட்டுவிட்டீர்கள்.

இந்த வேலையைத் தாண்டிப் போய், ரெகுலேஷனில் கண்ட எண்களை அப்படியே ஒரே பட்டியலில் 40, 60, 40, 60, 60 என்று அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூட்டுத்தொகை 260. ஃபார்முலா கடைசியில் கூட்டுத்தொகையால் வகுத்தால் தவறு வெளியே தெரியாது. பாதிக்கு மேல் எடை பெற வேண்டிய செமஸ்டர் தேர்வு அங்கே 260-இல் 60 ஆகி, கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அசைன்மென்ட்டில் நன்றாக வாங்கியவருக்கு அந்த ஷீட் ரொம்பப் பிடிக்கும்.

கலப்பு எப்படி நுழைகிறது

சரி, 8, 12, 8, 12, 60 கையில் இருக்கிறது. இப்போது ஷீட்டில் அடிக்கிறீர்கள். முதல் செல்லில் 8% என்று அடிக்கிறீர்கள், அது சதவீதம்தானே. அடுத்த செல்லில் சோம்பலில் வெறும் 12. திரையில் ஒன்று 8% என்றும் மற்றது 12 என்றும் நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே இனமாகத் தெரிகின்றன. ஆனால் 8% என்று அடித்ததும் ஷீட் உள்ளே சேமித்துவைப்பது 0.08. வெறும் 12 என்றால் 12-தான். பக்கத்துப் பக்கத்துச் செல்கள், நூறு மடங்கு வித்தியாசம்.

எக்செல்லில் இன்னொரு வேடிக்கை உண்டு. வெறும் செல்களுக்கு முன்கூட்டியே சதவீத ஃபார்மட் கொடுத்துவிட்டு 12 என்று அடித்தால் அது 12% ஆகிவிடும், அதாவது 0.12. அதே 12-ஐ முதலில் அடித்துவிட்டு அப்புறம் சதவீத ஃபார்மட் கொடுத்தால் 1200% என்று காட்டும். எண்ணும் ஒன்று, ஃபார்மட்டும் ஒன்று, எதை முதலில் செய்தோம் என்பதைப் பொறுத்து மதிப்பு மாறுகிறது. பழைய ஷீட்டில் சில செல்களில் மட்டும் சதவீத ஃபார்மட் ஒட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி அடித்தாலும் உள்ளே கலப்புதான் இருக்கும். எண்ணை அழித்தாலும் ஃபார்மட் அழியாது என்பதை நினைவில் வையுங்கள்.

எனக்கு வந்த ஷீட்டில் இரண்டு அசைன்மென்ட்களும் 8% என்று இருந்தன, மற்ற மூன்றும் வெறும் எண்கள். என்ன நடந்தது என்று எண்களோடு பார்ப்போம். ஒரு மாணவர் அசைன்மென்ட்களில் 40-க்கு 36, 40-க்கு 38 வாங்கியிருக்கிறார். டெஸ்ட்கள் நூற்றுக்கு நடந்தன, 65-உம் 55-உம். செமஸ்டர் தேர்வில் 66. சதவீதத்தில் சொன்னால் 90, 65, 95, 55, 66.

சரியான கணக்கு இப்படி வரும். முதல் அசைன்மென்ட் 7.2, முதல் டெஸ்ட் 7.8, இரண்டாவது அசைன்மென்ட் 7.6, இரண்டாவது டெஸ்ட் 6.6. இன்டர்னல் 29.2. செமஸ்டர் 39.6. மொத்தம் 68.8. சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகம் செய்கிற வழியிலேயே போய்ப் பாருங்கள். டெஸ்ட் மார்க்கை 60-க்கு மாற்றினால் 39-உம் 33-உம். முதல் அசெஸ்மென்ட் 36-உம் 39-உம் சேர்ந்து 75, இரண்டாவது 38-உம் 33-உம் சேர்ந்து 71. மொத்தம் 200-க்கு 146. ஐந்தால் வகுத்தால் 29.2. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இனி கலப்பு ஷீட். அதன் ஃபார்முலா இது:

```
=SUMPRODUCT(B2:B6,C2:C6)/SUM(B2:B6)
```

B-யில் வெயிட்டேஜ், C-யில் சதவீத மார்க். வெயிட்டேஜ் 0.08, 12, 0.08, 12, 60 என்று இருப்பதால் அவற்றின் கூட்டுத்தொகை 84.16. விடை 64.3. இரண்டு அசைன்மென்ட்களும் கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டன. மீதி மூன்றின் சராசரிதான் இந்த 64.3.

இங்கேதான் கவனிக்க வேண்டும். 64.3 என்பது நம்பத்தக்க எண். 6,430 என்று வந்திருந்தால் அன்றே ஷீட்டைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். 64-ஐப் பார்த்தவர்கள் "பரவாயில்லை, டெஸ்ட் சரியாக எழுதவில்லைதானே" என்று தங்களுக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் அந்த ஷீட் இப்படியே சுற்றியது.

தலைகீழாகவும் நடக்கும். எல்லாவற்றையும் 0.12, 0.08 என்று தசமத்தில் போட்டுவிட்டு, முதல் அசைன்மென்ட்டுக்கு மட்டும் 8 என்று அடித்தால், அந்த 8 மற்ற நான்கையும் விழுங்கிவிடும். மேலே உள்ள ஃபார்முலா 87.6 காட்டும். 68.8 வாங்கியவருக்கு 87.6. அவர் சந்தேகப்படமாட்டார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வகுத்தல் காப்பாற்றுகிறதா, மறைக்கிறதா

கூட்டுத்தொகையால் வகுப்பது நல்ல பழக்கம் என்று பலரும் சொல்லித் தருவார்கள். எல்லா வெயிட்டேஜும் தசமமாக இருந்தாலும் சரி, எல்லாமே முழு எண்ணாக இருந்தாலும் சரி, வகுத்துவிட்டால் விடை ஒன்றுதான். அது உண்மை. ஆனால் கலந்திருந்தால் வகுத்தல் தவறைத் திருத்தாது. விடையை 0-க்கும் 100-க்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தவறை மட்டும் போர்த்திவிடும். மேலே சொன்ன 87.6 விஷயத்தில் வகுக்காமல் விட்டிருந்தால் 781.6 வந்திருக்கும். அதைப் பார்த்தவுடனே தெரிந்திருக்கும்.

அதனால் என் ஷீட்டில் நான் கூட்டுத்தொகையால் வகுப்பதில்லை. வெயிட்டேஜ் கூட்டினால் 100 வருகிறதா என்று தனியாக ஒரு செல்லில் பார்க்கிறேன். வராவிட்டால் ஷீட் சத்தம் போட வேண்டும், சமாளிக்கக் கூடாது.

ஷீட்டை இப்படி அமையுங்கள்

ஐந்து நெடுவரிசை போதும். A-யில் பகுதியின் பெயர். B-யில் வெயிட்டேஜ், எப்போதும் முழு எண்ணாக, நூற்றுக்கு. C-யில் வாங்கிய மார்க். D-யில் அது எத்தனைக்கு. E-யில் இறுதி நூறில் அதன் பங்கு. முதல் வரி தலைப்புக்கு. 2 முதல் 6 வரை ஐந்து பகுதிகள்.

தசமம் வேண்டாம், முழு எண் என்று நான் அடம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. ரெகுலேஷன் புத்தகத்தில் முழு எண்தான் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க எளிது. அதோடு, பைத்தானில் 0.7 + 0.2 + 0.1 என்று போட்டால் 0.9999999999999999 வரும். "கூட்டினால் 1 வருகிறதா" என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடும். 70, 20, 10 என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

முதலில் B நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து அதன் ஃபார்மட்டைச் சாதா எண்ணாக்குங்கள். கூகுள் ஷீட்ஸில் `Format` → `Number` → `Number`. பழைய ஷீட்டைச் சோதிக்கவும் இதுவே முதல் வேலை. சதவீத முகமூடி கழன்று, உள்ளே இருக்கும் 0.08 வெளியே தெரியும். என் மாலைப் பொழுதைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வேலை இது.

E2-வில் இதைப் போட்டு E6 வரை இழுத்துவிடுங்கள்:

```
=IF(C2="","",C2/D2*B2)
```

B7-இல் கூட்டுத்தொகைச் சோதனை:

```
=IF(ABS(SUM(B2:B6)-100)<0.001,"சரி","கூட்டினால் 100 வரவில்லை")
```

E7-இல் மொத்தம்:

```
=SUM(E2:E6)
```

SUMPRODUCT-ஐ விட்டுவிட்டு இப்படி ஒரு தனி நெடுவரிசை வைப்பதில் எனக்கு ஒரு வசதி தெரிகிறது. ஒவ்வொரு பகுதியும் எத்தனை மார்க் கொண்டுவந்தது என்று கண்ணால் பார்க்கலாம். E-யில் உள்ள எண் பக்கத்து B-யைவிட ஒருபோதும் பெரியதாக இருக்க முடியாது. 8 மார்க் பகுதி 18 மார்க் கொண்டுவந்தால் C அல்லது D-யில் தப்பு என்று உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் 40-க்கு 36 என்பதற்குப் பதில் 90 என்று சதவீதத்தை அடித்திருப்பீர்கள்.

இதற்கு எதிர்த்திசைத் தவறு சத்தம் போடாது, அதனால் அதைத் தனியாகச் சொல்கிறேன். சில கல்லூரிகளில் நூற்றுக்கு நடந்த டெஸ்ட்டை அறுபதுக்கு மாற்றித்தான் ஒட்டுவார்கள். 65 வாங்கியவருக்குப் பலகையில் 39 என்று இருக்கும். அந்த 39-ஐ C-யில் போட்டுவிட்டு D-யில் 100 என்றே விட்டால், 7.8 வர வேண்டிய இடத்தில் 4.68 வரும். எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது. மார்க்கை எங்கிருந்து எடுத்தீர்களோ, "எத்தனைக்கு" என்பதையும் அதே இடத்திலிருந்து எடுங்கள்.

வெயிட்டேஜ் கலப்பை வாசலிலேயே நிறுத்த இன்னொரு வழி இருக்கிறது. கூகுள் ஷீட்ஸில் B2:B6-ஐத் தேர்ந்தெடுத்து `Data` → `Data validation` போய், எண் 1-க்கும் 100-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று விதி வைத்து, `Reject the input` என்பதைத் தேர்ந்தெடுங்கள். யாராவது 8% என்றோ 0.08 என்றோ அடித்தால் ஷீட் ஏற்காது. எக்செல்லிலும் `Data` பட்டியலில் இதே வசதி உண்டு.

பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்ட்டிலோ செய்கிறவர்களுக்கு ஒரு சபலம் வரும். "வெயிட்டேஜ் 1-க்குக் கீழே இருந்தால் நூறால் பெருக்கிவிடு" என்று ஒரு வரி எழுதினால் கலப்புத் தானாகச் சரியாகிவிடுமே என்று தோன்றும். எழுதாதீர்கள். 1 என்று ஒருவர் அடித்தால் அது ஒரு சதவீதமா, முழு நூறு சதவீதமா? நிரலுக்குத் தெரியாது. 0.5 என்று அடித்தால் பாதியா, அரை சதவீதமா? ஊகிப்பதைவிட மறுப்பது நல்லது:

```
weights = [8, 12, 8, 12, 60]
if abs(sum(weights) - 100) > 0.001:
    raise SystemExit("வெயிட்டேஜ் கூட்டினால் 100 வரவில்லை")
```

எந்தச் சோதனையை நம்பலாம்

புதிதாக ஷீட் செய்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் சோதனை, எல்லாவற்றிலும் 80 சதவீதம் போட்டு விடை 80 வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் "ஓகே" என்று மூடிவிடுவார்கள். கூட்டுத்தொகையால் வகுக்கும் ஷீட்டில் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. வெயிட்டேஜ் 0.08-உம் 12-உம் கலந்திருந்தாலும், 40, 60, 40, 60, 60 என்று இருந்தாலும், ஏன், வாய்க்கு வந்த எண்ணைப் போட்டிருந்தாலும், எல்லா மார்க்கும் 80 என்றால் சராசரியும் 80-தான். எனக்கு வந்த அந்த ஷீட் இந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கும்.

அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். ஒரு பகுதிக்கு மட்டும் முழு மார்க், மற்ற எல்லாவற்றுக்கும் பூஜ்யம். விடை அந்தப் பகுதியின் வெயிட்டேஜாக வர வேண்டும். முதல் அசைன்மென்ட்டுக்கு 40-க்கு 40, மற்றவை 0 என்றால் விடை 8. அப்புறம் அதை 0 ஆக்கிவிட்டு முதல் டெஸ்ட்டுக்கு முழு மார்க், விடை 12. இப்படி ஐந்து தடவை. இரண்டு நிமிஷம் ஆகும். கலப்பு ஷீட்டில் முதல் தடவையிலேயே 8 வர வேண்டிய இடத்தில் 0.1 வந்து நிற்கும், அதாவது 0.095.

கூட்டுத்தொகைச் சோதனை பிடிக்காத ஒன்றையும் இது பிடிக்கும். அசைன்மென்ட்டுக்கு 12, டெஸ்ட்டுக்கு 8 என்று மாற்றிப் போட்டிருந்தாலும் மொத்தம் 100-தான் வரும், B7 "சரி" என்று சொல்லும். ஒவ்வொன்றாக முழு மார்க் கொடுத்துப் பார்க்கும்போதுதான் மாட்டும்.

இன்னும் எழுதாத தேர்வு

செமஸ்டர் தேர்வுக்கு முன்னால் ஷீட்டைத் திறந்தால் C6 வெறுமையாக இருக்கும். E7 29.2 என்று காட்டும். அது தவறில்லை, நூறில் இதுவரை சேர்த்தது 29.2. ஆனால் அதைப் பார்த்து "29 சதவீதமா!" என்று பதறுகிறவர்கள் உண்டு. இதுவரை நடந்ததில் எப்படி இருக்கிறோம் என்று தெரிய வேண்டுமானால் நடந்து முடிந்த பகுதிகளின் வெயிட்டேஜால் மட்டும் வகுக்க வேண்டும்:

```
=SUM(E2:E6)/SUMIF(C2:C6,">=0",B2:B6)*100
```

வெறுமையான செல்லை SUMIF இங்கே எண்ணாது. அதனால் 29.2-ஐ 40-ஆல் வகுத்து 73 என்று காட்டும். இங்கே மட்டும் வகுக்கிறோம், ஆனால் B7 "சரி" என்று சொன்ன பிறகுதான் இந்த எண்ணை நம்ப வேண்டும்.

இதற்கு ஒரு நிபந்தனை, எழுதாத தேர்வுக்கு 0 போடக் கூடாது. போட்டால் 73 மறுபடியும் 29.2 ஆகிவிடும். எழுதவே போகாத டெஸ்ட் என்றால் 0-தான் போட வேண்டும், வெறுமையாக விடக் கூடாது. AB என்று அடித்தால் E-யில் `#VALUE!` வரும். எரிச்சலாக இருக்கும், ஆனால் மௌனமாகத் தப்பாகச் சொல்வதற்கு அது எவ்வளவோ மேல்.

"எவ்வளவு எடுக்க வேண்டும்" என்ற செல்

எல்லோரும் ஷீட்டைத் திறப்பதே இந்த ஒரு செல்லுக்காகத்தான், தசமமும் முழு எண்ணும் மோதுவதும் பெரும்பாலும் இங்கேதான். மேலே அட்டவணையில் 60 என்று அழகாக இருக்கும். கீழே ஃபார்முலாவுக்குள் யாரோ 0.6 என்று கையால் அடித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றுதானே என்றால், இன்றைக்கு ஒன்றுதான். மேலே உள்ளது மாறினால் கீழே உள்ளது மாறாது.

அது கற்பனை இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 20, செமஸ்டர் 80. 2021-இல் அது 40-உம் 60-உம் ஆயிற்று. பழைய ஷீட்டை வாங்கியவர்கள் மேலே அட்டவணையைத் திருத்தினார்கள், அது கண்ணுக்குத் தெரிகிற இடம். கீழே இது அப்படியே கிடந்தது:

```
=(70-SUM(E2:E5))/0.8
```

நம் மாணவரின் இன்டர்னல் 29.2. மொத்தம் 70 வர வேண்டுமானால் இன்னும் 40.8 வேண்டும். 0.8-ஆல் வகுத்தால் 51. செமஸ்டரில் 51 எடுத்தால் போதும் என்று ஷீட் சொல்லும். உண்மையில் வேண்டியது 40.8-ஐ 60-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது, அதாவது 68. பதினேழு மார்க் வித்தியாசம். அதுவும் குறைத்துச் சொல்லும் வித்தியாசம், தேர்வு முடிந்த பிறகுதான் தெரியும்.

ஃபார்முலாவுக்குள் எந்த வெயிட்டேஜையும் கையால் அடிக்காதீர்கள். இலக்கை G1-இல் வைத்துவிட்டு இப்படி எழுதுங்கள்:

```
=(G1-SUM(E2:E5))/B6*D6
```

வெயிட்டேஜ் B6-இலிருந்து வருகிறது, "எத்தனைக்கு" D6-இலிருந்து வருகிறது. ரெகுலேஷன் மாறினால் மேலே ஒரு இடத்தில் மாற்றினால் போதும். கிடைத்த ஷீட்டில் இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க, கூகுள் ஷீட்ஸில் `View` → `Show` → `Formulae` என்று போடுங்கள், எல்லா ஃபார்முலாவும் ஒரே நேரத்தில் தெரியும். ஆங்கில வகையைப் பொறுத்து அங்கே `Formulas` என்றும் இருக்கலாம். எக்செல்லில் `Formulas` → `Show Formulas`. அங்கே 0.8, 0.6, /100 மாதிரி தனியாக எண் ஏதாவது நின்றால், அது ஏன் நிற்கிறது என்று கேளுங்கள்.

விடை 100-க்கு மேல் வந்தால் அந்த இலக்கு இனிக் கிடைக்காது என்று அர்த்தம். மைனஸ் வந்தால் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். 0.68 மாதிரி வந்தால் எங்கோ நூறு மடங்கு தவறியிருக்கிறது, அதைச் சதவீத ஃபார்மட் கொடுத்து 68% என்று ஒப்பேற்றாதீர்கள். இன்னொருவர் அந்தச் செல்லை வேறு கணக்கில் பயன்படுத்தும்போது கலப்பு மறுபடி முளைக்கும்.

கடைசியாக ரவுண்டிங். 2021 ரெகுலேஷனில் 40-க்கு மாற்றிய இன்டர்னலை அருகிலுள்ள முழு எண்ணாக்குகிறார்கள். 29.2 என்றால் 29. அப்படியானால் 70-க்கு வேண்டியது 41, செமஸ்டரில் 68 அல்ல, 68.33. அதாவது 69 எடுக்க வேண்டும். இதைச் சேர்க்க விரும்பினால் SUM(E2:E5)-ஐ மட்டும் ROUND செய்யுங்கள்:

```
=(G1-ROUND(SUM(E2:E5),0))/B6*D6
```

E-யில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக ரவுண்ட் செய்யக் கூடாது. 7.2, 7.8, 7.6, 6.6 என்பவை 7, 8, 8, 7 ஆகி 30 என்று வந்துவிடும். உங்களுக்கு இல்லாத ஒரு மார்க்கை ஷீட் கொடுத்துவிடும். தசமப் புள்ளிகளை மறைத்துக் காட்டுவது வேறு, ROUND வேறு. மறைத்தால் உள்ளே 7.2 அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்று. பாஸாக மொத்த மார்க் மட்டும் போதாது, செமஸ்டர் தேர்வில் தனியாக ஒரு குறைந்தபட்சம் வாங்க வேண்டும். இன்டர்னல் நன்றாக இருக்கிறவர்களுக்கு மேலே உள்ள செல் மிகச் சின்ன எண்ணைக் காட்டலாம். ரெகுலேஷனில் உள்ள அந்தக் குறைந்தபட்சத்தை G2-இல் போட்டு, MAX வைத்து இரண்டில் பெரியதைக் காட்டச் செய்யுங்கள். ஷீட்டை அடுத்தவருக்கு அனுப்பும் முன் A1-இல் எந்த ரெகுலேஷனுக்கான ஷீட் என்பதையும் எழுதிவிடுங்கள். எனக்கு வந்ததில் அந்த ஒரு வரி இல்லை.